ஒன்பது விண்ணப்பம், ஒரே ஷீட்: எங்கே வேலை செய்தது, எங்கே கோட்டை விட்டோம்

இது என் அக்கா மகளின் விண்ணப்பக் கதை. 2023-இல் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, 2025-இல் சேருவதற்காக அமெரிக்காவில் நான்கு, ஜெர்மனியில் ஐந்து என ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். ஏஜென்சி வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் "மாமா, நீங்க கணக்கு பாக்கிற ஆளு, ஷீட்டை நீங்க வெச்சுக்கங்க" என்று என் தலையில் கட்டினாள். ஒன்பதில் எட்டுதான் முழுமையாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்று எங்கள் தவறால் போனது. யாருடைய பெயரும், எந்தக் கல்லூரியின் பெயரும் இதில் இல்லை. எல்லாத் தேதியும் ஷீட்டிலிருந்து எடுத்தவை.

தொடக்கம்: ஒரு கல்லூரிக்கு ஒரு வரி (செப்டம்பர் – டிசம்பர் 2024)

முதல் ஷீட் யாரும் போடக்கூடியதுதான். ஒரு கல்லூரிக்கு ஒரு வரி. பெயர், கோர்ஸ், கடைசித் தேதி, கட்டணம், லிங்க், "முடிந்ததா" என்று ஒரு டிக் பெட்டி. கடைசித் தேதி வாரியாக அடுக்கி, நெருங்கும் தேதி சிவப்பாகும்படி வைத்திருந்தோம். பார்க்க அழகாக இருந்தது, எல்லாம் கைக்குள் இருக்கிற மாதிரியும் தோன்றியது.

அமெரிக்காவில் முதல் கடைசித் தேதி டிசம்பர் 15. அங்கே இரவு 11:59 என்றால், கிழக்குக் கரை நேரப்படி நமக்கு 16-ஆம் தேதி காலை 10:29. மேற்குக் கரையாக இருந்தால் மதியம் 1:29. இது தெரிந்ததும் அவளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த மாதிரி சந்தோஷம். நான் அதை ஏற்கவில்லை. எங்கள் சொந்தக் கெடுவை இரண்டு நாள் முன்னால் வைத்தோம், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு.

அன்று இரவு 9 மணிக்குக் கட்டணப் பக்கத்தில் அவள் அப்பாவின் கார்டு மறுக்கப்பட்டது. கார்டில் பணம் இருந்தது. ஆனால் புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துத்தான் இருக்கும், நாம்தான் செயலியில் போய்த் திறக்க வேண்டும், இது 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி வைத்த முறை. திறந்து, வரம்பையும் ஏற்றி, பத்து நிமிடத்தில் கட்டிவிட்டோம். டிக் போட்டோம். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

முதல் அடி: டிக் போட்ட பிறகு வந்த வேலை (டிசம்பர் 2024)

பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர்களிடம் நவம்பரிலேயே சொல்லி வைத்திருந்தாள். ஒருவர் வரைவுகூட தயாராக வைத்திருந்தார். நாங்கள் கவனிக்காத விஷயம், கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க் எப்போது அவருக்குப் போகும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலவற்றில் பேராசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுச் சேமித்தவுடனே போய்விடுகிறது. சிலவற்றில் கட்டணம் கட்டி, முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகுதான் போகிறது. டிசம்பர் 15 கல்லூரி இரண்டாவது வகை.

ஆக, லிங்க் வெள்ளி நள்ளிரவில் போனது. அடுத்த இரண்டு நாள் சனி, ஞாயிறு. அந்தப் பேராசிரியரோ செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் முகாமில், கல்லூரி மின்னஞ்சலை அங்கே யார் திறப்பார்கள்? திங்கள் மாலை அவள் தயங்கித் தயங்கிப் போனில் கூப்பிட்டாள். "ஸ்பாம்ல கிடக்குதும்மா" என்றார். 18-ஆம் தேதி கடிதம் ஏறியது. அந்தக் கல்லூரி பரிந்துரைகளை மட்டும் ஒரு வாரம் தாமதமாக ஏற்கும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்ததால் பிழைத்தோம். அதை நாங்கள் படித்துத் திட்டமிட்டதில்லை, பதறிப்போய்த் தேடும்போது கண்ணில் பட்டது.

இதே வாரத்தில் இன்னொன்று. ஜி.ஆர்.இ தேர்வு மதிப்பெண்ணை அமெரிக்காவில் நான்கு இடத்துக்கும் அனுப்பியிருந்தோம். இரண்டு கல்லூரிகளின் பக்கத்தில் "வந்தது" என்று காட்டியது, இரண்டில் பதினைந்து நாள் ஆகியும் வரவில்லை. காரணம் நம் ஊர்க் காரணம்தான், இனிஷியல். பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயர். தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பதிய வேண்டும், அப்படித்தான் பதிந்திருந்தாள். ஆனால் இரண்டு விண்ணப்பங்களில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, கடைசிப் பெயர் கட்டத்தில் அந்த ஒற்றை எழுத்தையே போட்டுவிட்டாள். அங்கே மதிப்பெண் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் எந்த விண்ணப்பத்தோடு சேர்ப்பது என்று அவர்கள் கணினிக்குத் தெரியவில்லை. பிறந்த தேதி, தேர்வுப் பதிவு எண், பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல் மூன்றையும் போட்டு மின்னஞ்சல் அனுப்பியதும் ஒன்று நான்கு நாளில் சரியானது, மற்றது விடுமுறை முடிந்து ஜனவரியில்.

ஷீட்டில் இந்த இரண்டு கல்லூரிக்கும் டிக் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஷீட்டை மாற்றியது (டிசம்பர் கடைசி வாரம்)

உட்கார்ந்து யோசித்தபோது தப்பு புரிந்தது. ஒரு கல்லூரிக்கு ஒரு கடைசித் தேதி என்று நினைத்தோம். உண்மையில் ஒரு கல்லூரிக்குள் ஐந்தாறு தனித்தனி வேலைகள், ஒவ்வொன்றையும் செய்வது வேறு ஆள், ஒவ்வொன்றுக்கும் வேறு கெடு. விண்ணப்பம் அவள் கையில், கட்டணம் அப்பா கையில், கடிதம் பேராசிரியர் கையில், மதிப்பெண் தேர்வு நடத்துபவர் கையில். இதை எல்லாம் ஒரே டிக் பெட்டிக்குள் அடைத்தால் அது நாம் களைத்துப்போய்ப் படுக்கும் நேரத்தைத்தான் சொல்லும்.

அதனால் ஒரு வரி என்பதை ஒரு கல்லூரி என்றில்லாமல் ஒரு வேலை என்று மாற்றினோம். இரண்டு பரிந்துரை என்றால் இரண்டு வரி. ஒன்பது கல்லூரி 61 வரியானது. நிறைய மாதிரித் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் உயிரோடு இருப்பவை பத்துக்கு மேல் போனதில்லை. கல்லூரி, வேலை, யார் செய்ய வேண்டும் என்ற மூன்று கட்டங்களுக்கு அப்புறம் D-இல் அவர்கள் ஊர் நேரப்படி கெடு, E-இல் நமக்கும் அவர்களுக்கும் மணி வித்தியாசம், F-இல் நம் நேரம், G-இல் அந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்ற மதிப்பீடு, H-இல் தொடங்க வேண்டிய நாள், I-இல் நிலை. சூத்திரம் மூன்றே மூன்று:

```
F2:  =D2+E2/24
H2:  =F2-G2
நிறம்: =AND($I2<>"வந்தது",$H2<=TODAY()+7)
```

மூன்றாவது சூத்திரம் சிவப்பாக்குவது. கெடு நெருங்கும்போது சிவக்காமல், தொடங்க வேண்டிய நாள் நெருங்கும்போது சிவக்கும். அடுக்குவதும் H-ஐ வைத்துத்தான். மணி வித்தியாசத்தில் ஒன்று: ஜெர்மனிக்கு 4.5 என்று எல்லா வரியிலும் போட்டிருந்தேன், மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அது 3.5 ஆகிவிட்டது. எங்களுக்கு அதனால் சேதம் இல்லை, ஆனால் கடைசி மணி வரை இழுக்கிறவர்களுக்கு ஆகும்.

நிலைக்கு மூன்றே சொற்கள்: தொடங்கவில்லை, அனுப்பியாச்சு, வந்தது. "வந்தது" என்று போடுவதற்கு ஒரு கண்டிப்பு வைத்தோம். எதிர்ப்பக்கத்துத் திரையில் அது வந்துவிட்டதாகக் கண்ணால் பார்த்தால்தான், பார்த்த தேதியைப் பக்கத்துக் கட்டத்தில் குறித்துவிட்டுப் போடலாம். நாங்கள் அனுப்பியது, பேராசிரியர் "போட்டுட்டேம்மா" என்று சொன்னது, வங்கி பணம் எடுத்தது எல்லாமே "அனுப்பியாச்சு"தான். ஒரு வரி பத்து நாளுக்கு மேல் அதிலேயே நின்றால் ஞாயிறு மாலைப் பேச்சில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பேச்சு இருபது நிமிடம், அவள் ஓசூரில், நான் கோயம்புத்தூரில், ஷீட் இருவர் திரையிலும்.

பெயருக்கென்றும் ஷீட்டின் தலைப்பில் ஒரு வரி ஒதுக்கினோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முதல் பெயர், கடைசிப் பெயர், பெரிய எழுத்தில். எந்தக் கட்டத்திலும் அதிலிருந்து நகலெடுத்துத்தான் ஒட்ட வேண்டும், கையால் அடிக்கக் கூடாது.

இழந்தது: ஷீட்டில் இல்லாத வரி (ஜனவரி – மார்ச் 2025)

புது ஷீட்டுக்குள் ஜெர்மன் கல்லூரிகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போதுதான், ஜனவரி 6-ஆம் தேதி, ஏ.பி.எஸ் சான்றிதழ் கண்ணில் பட்டது. இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்து டெல்லியிலிருந்து தருவது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம், பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். இது எந்தக் கல்லூரிக்கும் சொந்தமான வேலை கிடையாது, ஐந்துக்கும் பொதுவானது, அதனால்தான் கல்லூரி வாரியான எங்கள் பழைய ஷீட்டில் அதற்கு உட்கார இடமே இல்லை.

பணம் கட்டி, படிவம் நிரப்பி, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை நகல் எடுத்து ஜனவரி 17 கூரியர் போட்டோம். G கட்டத்தில் 60 நாள் என்று போட்டேன். உடனே ஒரு வரி சிவந்தது. ஜெர்மனியில் ஒரு கல்லூரியின் கெடு மார்ச் 1. அதிலிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணினால் தொடங்க வேண்டிய நாள் டிசம்பர் 31, அதாவது ஏற்கெனவே போய்விட்டது. சான்றிதழ் பின்னால் வரும் என்று சொல்லிச் சமர்ப்பிக்கலாமா என அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டோம். குறைவான ஆவணங்களோடு வரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாட்டோம் என்று இரண்டு வரியில் பதில்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எப்படியாவது வந்துவிடும் என்று நம்பிப் பிப்ரவரி முழுக்க அந்தக் கல்லூரியின் கட்டுரைக்கும் ஆவணங்களுக்கும் உழைக்கலாம், அல்லது விட்டுவிட்டு மார்ச் 31 கெடுவுள்ள அடுத்ததில் இறங்கலாம். அவளுக்கு அந்த முதல் கல்லூரிதான் ஆசை. ஆனாலும் விட்டாள். சான்றிதழ் வந்தது மார்ச் 18, கூரியர் போட்டு சரியாக அறுபதாவது நாள். மதிப்பீடு பலித்ததில் எனக்கு ஒரு பெருமையும் வரவில்லை. அந்த வரியை அழிக்காமல் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 31 கல்லூரிக்கு 20-ஆம் தேதியே பதிவேற்றிவிட்டோம்.

பணம்: அனுப்பியதும் வந்ததும் (ஏப்ரல் – மே 2025)

பணத்துக்குத் தனித் தாள். முதலில் டாலர் தொகையை மட்டும் எழுதினேன், பிறகு கார்டு பில் வந்ததும் பக்கத்தில் ரூபாயையும் எழுதினேன், அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. 85 டாலர் கட்டணத்தை 85 ரூபாய் விலையில் பெருக்கினால் 7,225. எங்கள் கார்டில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் கூடுதல், 253 ரூபாய். அந்த 253-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி, ஒரு 45 ரூபாய். ஆக சுமார் 7,520. ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் பெரிதில்லை, ஆனால் வரம்பைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தால் இந்த முந்நூறில்தான் கார்டு மறுக்கும்.

பெரிய பாடம் யூரோவில் வந்தது. மீதி மூன்று ஜெர்மன் கல்லூரிகள், பல கல்லூரிகளுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் வழியாக. அங்கே ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. எங்களுக்கு 75, 30, 30 ஆக 135. பணம் முழுதாக வந்த பிறகுதான் சரிபார்ப்பு வரிசையில் நம் கோப்பு சேரும், அதற்கு மேல் நான்கிலிருந்து ஆறு வாரம். மூன்றில் ஒரு கல்லூரிக்கு யூனி-அசிஸ்டே விண்ணப்பத்தைப் பெற்று அனுப்பாது, வி.பி.டி என்று ஒரு முன் சரிபார்ப்பு ஆவணத்தைத் தரும், அதை வாங்கி நாம்தான் கல்லூரியின் தளத்தில் ஏற்ற வேண்டும். அந்தக் கெடு மே 31.

ஏப்ரல் 4 வங்கிக்குப் போய் 135 யூரோ அனுப்பினார் அவள் அப்பா. ரசீது வந்தது, "அனுப்பியாச்சு" போட்டோம். 20-ஆம் தேதி ஞாயிறு, அந்த வரி பதினாறாவது நாளாக அங்கேயே நின்றது. திறந்து பார்த்தால் கட்டணம் குறைவு என்று காட்டியது. வழியில் இருந்த ஒரு வங்கி தன் கூலியாக 18 யூரோவை எடுத்துக்கொண்டு 117-ஐத்தான் சேர்த்திருக்கிறது. அனுப்பும் படிவத்தில் செலவை யார் ஏற்பது என்று ஒரு கேள்வி இருக்கும். அனுப்புபவரே எல்லாம் ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது, கவுன்டரில் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மீதி 18 யூரோவை மறுநாளே கார்டில் கட்டினோம். பழைய ஷீட்டாக இருந்தால் அங்கே ஒரு டிக் இருந்திருக்கும், மே மாதம் வரை யாரும் திறந்திருக்க மாட்டோம்.

வி.பி.டி வந்தது மே 27. அன்று இரவே ஏற்றினாள்.

பதில்கள் வந்தபோது (மார்ச் – ஜூலை 2025)

எங்கள் ஷீட் விண்ணப்பம் போய்ச் சேர்வதோடு முடிந்துவிட்டது. அடுத்த கெடு பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அமெரிக்காவில் நான்கில் ஒன்றில் மார்ச் 7-ஆம் தேதி இடம் கிடைத்தது, உதவித்தொகை இல்லாமல். சேருவதாக இருந்தால் ஏப்ரல் 15-க்குள் திரும்பி வராத முன்பணத்தோடு சொல்ல வேண்டும். அந்தத் தேதியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பதில்கூட வந்திருக்காது, மூன்று விண்ணப்பங்கள் அப்போதுதான் போயிருக்கும். வீட்டில் இரண்டு வாரம் இதே பேச்சு. அக்காவுக்குக் கையில் இருப்பதை விடக் கூடாது என்று. அப்பாவுக்குக் கடன் தொகையைப் பார்த்தே மூச்சு முட்டியது.

முன்பணம் கட்டவில்லை. அதற்குப் பதில், காரணத்தைச் சொல்லி ஒரு மாத அவகாசம் கேட்டு அவள் எழுதினாள். மறுத்தால் அந்த இடம் போகட்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் எழுதினாள், இல்லையென்றால் பதில் வரும் வரை யாருக்கும் தூக்கம் இருந்திருக்காது. மே 15 வரை கொடுத்தார்கள். மார்ச் 31 கெடுவுள்ள ஜெர்மன் கல்லூரியின் அனுமதி மே 12 வந்தது. மூன்று நாள் இடைவெளி, அதை முன்கூட்டியே திட்டமிட்டது என்று சொன்னால் பொய்.

மற்ற மூன்று அமெரிக்கக் கல்லூரிகளும் மறுத்தன. யூனி-அசிஸ்ட் வழி போனதில் ஒன்று ஜூலை கடைசியில் இடம் கொடுத்தது, வி.பி.டி கேட்டது உட்பட இரண்டு மறுத்தன. அவள் மே 12 கல்லூரியையே எடுத்துக்கொண்டாள். பணத் தாளின் கடைசிப் பெரிய வரி விசாவுக்கான முடக்கக் கணக்கு, அதாவது ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்பே போட்டு வைப்பது, 11,904 யூரோ. இந்த முறை செலவு முழுதும் அனுப்புபவருக்கே என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தோம், "வந்தது" போட ஆறு நாள் ஆனது.

மறுபடி செய்தால்

கல்லூரிப் பட்டியலுக்கு முன்பே எல்லாவற்றுக்கும் பொதுவான ஆவணங்களை எழுதுவோம், அவற்றில் எது அதிக நாள் எடுக்குமோ அதிலிருந்து தொடங்குவோம். எங்கள் விஷயத்தில் ஏ.பி.எஸ்-ஐ அக்டோபரில் போட்டிருந்தால் மார்ச் 1 கல்லூரி போயிருக்காது. இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை, விண்ணப்பமாவது போயிருக்கும். பரிந்துரை லிங்க் எப்போது கிளம்பும் என்பதை ஒவ்வொரு தளத்திலும் முதல் நாளே பார்த்து, சமர்ப்பித்த பிறகு கிளம்பும் கல்லூரிகளுக்கு மட்டும் எங்கள் சொந்தக் கெடுவைப் பத்து நாள் முன்னால் தள்ளுவோம். "பதில் சொல்ல வேண்டிய நாள்" என்று ஒரு கட்டமும் ஆரம்பத்திலேயே இருக்கும், எல்லாக் கல்லூரிகளின் அந்தத் தேதியும் பக்கம் பக்கமாக நின்றிருந்தால் அமெரிக்காவையும் ஜெர்மனியையும் ஒரே ஆண்டில் கலந்திருப்போமா என்பதே சந்தேகம்.

அவளோடு வேலை பார்த்த ஒரு பெண் இப்போது இதே ஷீட்டை வாங்கி 2026-க்கு நிரப்பிக்கொண்டிருக்கிறாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, இனிஷியலோடு சேர்த்து முழுப் பெயரும் முதல் பெயர் கட்டத்தில் இருக்கிறது, விண்ணப்பங்களோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடுவதில்லை. கோடு போடுவதா, முதல் பெயரையே திருப்பிப் போடுவதா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேட்டிருக்கிறாள். இதுவரை வந்த இரண்டு பதிலும் இரண்டு விதம். கல்லூரிக்கொரு பெயர் என்றால் ஒரு வரி போதாது என்பதால், அந்த வரியை எடுத்துவிட்டு அவள் ஷீட்டில் கல்லூரி வாரியாகப் பெயருக்கே ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தேன்.